கைக்கும் டைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

பிரஸ் ஷாப்பில் புதிதாக லைட் கர்ட்டன் மாட்டிய அன்று ஒரு சோதனை நடக்கும். விற்க வந்தவர் பிரஸ்ஸை ஓட்டச் சொல்வார். ராம் இறங்கத் தொடங்கியதும் இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே கையை நீட்டுவார். பச்சை விளக்கு சிவப்பாக மாறும், ராம் பாதியில் நின்றுவிடும். சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள், முதலாளி பில்லில் கையெழுத்துப் போடுவார்.

இந்தச் சோதனையில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: வயரிங் சரியாக இருக்கிறது. அவர் கையை நிதானமாக நீட்டினார், திரையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டார். நழுவிய தகட்டைப் பிடிக்கப் பாய்கிற கை அப்படி நிற்காது, திரையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அது டையின் அடியில் போய்ச் சேருவதற்குள் ராம் நின்றிருக்குமா? பதில் அந்த மஞ்சள் கம்பத்தை டையிலிருந்து எவ்வளவு தள்ளி போல்ட் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பல ஷாப்புகளில் பிரஸ்ஸின் பாடியில் எங்கே துளை போட வசதியோ அங்கே பிராக்கெட் உட்கார்ந்துவிடுகிறது. உண்மையில் அந்த இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும், கணக்கு முடிந்துவிடும். கணக்குக்குள் போடும் எண்களைச் சரியாகப் பிடிப்பதுதான் பாடு.

லைட் கர்ட்டன் என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு கம்பங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வரிசையாக அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும். ஏதாவது ஒரு கதிர் மறிக்கப்பட்டால் தன் வெளியீட்டை உடனே அணைத்துவிடும். அதன் வேலை அவ்வளவுதான். கம்பி வலைக் கதவு கையைத் தடுக்கும், இது தடுக்காது. கை வருகிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதி வேலை பிரஸ்ஸினுடைய பிரேக்கைச் சேர்ந்தது.

அதனால் தூரத்தைக் கணக்கிடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இந்த பிரஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்த முடியுமா? நம் ஊர்ச் சிறு பட்டறைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பவர் பிரஸ்களில் பல கீ கிளட்ச் வகையைச் சேர்ந்தவை. பெடலை மிதித்தால் ஒரு சாவி சுழன்று ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் பூட்டிவிடும். பூட்டியபின் ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேலே வந்த பிறகுதான் சாவி விலகும். நடுவில் பெடலை விட்டாலும், மோட்டாரை அணைத்தாலும், ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம் ராமைக் கீழே கொண்டுபோய் அடித்துவிட்டுத்தான் ஓயும். இந்த பிரஸ்ஸில் எவ்வளவு விலையுயர்ந்த லைட் கர்ட்டன் மாட்டினாலும் பயனில்லை. எத்தனை மீட்டர் தள்ளி வைத்தாலும் கணக்கு ஒத்துவராது, நிறுத்து என்ற சொல்லைக் கேட்க அங்கே ஆளே இல்லை. அப்படிப்பட்ட பிரஸ்ஸுக்கு டையைச் சுற்றி மூடிய கூண்டு போன்ற வேறு பாதுகாப்புத்தான் வழி. ஆனாலும் கீ கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் மாட்டி, சிவப்பும் பச்சையும் எரிவதைக் காட்டும் இடங்கள் உண்டு. அங்கே அந்த விளக்கு ஆபரேட்டருக்குப் பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கிறது. எதுவும் மாட்டாமல் இருந்தால்கூட அவர் பயந்து வேலை செய்வார்.

காற்றழுத்தத்தில் இயங்கும் கிளட்சும் பிரேக்கும் உள்ள பிரஸ் என்றால், அல்லது ஹைட்ராலிக் பிரஸ் என்றால், எந்த இடத்திலும் நிறுத்த முடியும். இனி அதைப் பற்றித்தான் பேச்சு.

எடுத்துக்காட்டுக்கு 100 டன் சி ஃப்ரேம் பிரஸ் ஒன்றை வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 45 ஸ்ட்ரோக், ஸ்ட்ரோக்கின் நீளம் 150 மில்லிமீட்டர். காரின் கதவுக்குள் போகும் சிறு பிராக்கெட்டுகளை அடிக்கும் வேலை. ஆபரேட்டர் பிளாங்கைக் கையால் வைத்துக் கையால் எடுக்கிறார். ஒரு கை கதிரை மறித்த கணத்திலிருந்து ராம் முழுதாக நிற்கும் வரை உள்ளே என்னென்ன நடக்கிறது?

முதலில் கர்ட்டன் தன் கதிர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வருகிறது. மறிக்கப்பட்டதை உணர்ந்து வெளியீட்டை அணைக்க அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நம் எடுத்துக்காட்டில் 14 மில்லிவிநாடி, இது கர்ட்டனோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்தச் செய்தி சேஃப்டி ரிலேவுக்குப் போய் அதன் காண்டாக்ட் திறக்க இன்னொரு 20 மில்லிவிநாடி. பிறகு பிரஸ்ஸின் இரட்டை வால்வு மின்சாரம் இழக்கிறது, கிளட்சுக்குள் இருக்கும் காற்று வெளியேறுகிறது, கிளட்ச் விடுபடுகிறது, ஸ்பிரிங் பிரேக் லைனிங்கை அழுத்துகிறது, கடைசியில் ஷாஃப்டும் ராமும் உரசித் தேய்ந்து நிற்கின்றன. இந்தக் கடைசிப் பகுதிதான் நீளமானது, ஒரே மாதிரி இல்லாததும் இதுதான். கர்ட்டனுக்கும் ரிலேவுக்கும் ஆகும் நேரம் அச்சிட்ட தாளில் கிடைக்கும். பிரேக்குக்கு ஆகும் நேரத்தை பிரஸ்ஸின் பக்கத்தில் நின்று அளந்தால்தான் தெரியும். பிரஸ் வாங்கியபோது வந்த புத்தகத்தில் ஒரு எண் இருக்கலாம். அது புது லைனிங்குக்கும், நல்ல காற்றழுத்தத்துக்கும், ஒருவேளை டையே மாட்டாத ராமுக்கும் உரிய எண்.

அளக்க ஸ்டாப் டைம் மீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதிலிருந்து வரும் மெல்லிய கம்பியை ராமோடு கட்டிவிடுவார்கள். ராம் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் கருவி நிறுத்தச் சைகை கொடுத்து, கம்பியின் அசைவு ஓயும் வரை நேரத்தை எண்ணும். எந்த இடத்தில் சைகை கொடுக்கிறோம் என்பது முக்கியம். கிராங்க் 90 டிகிரியில் இருக்கும்போது, அதாவது ராம் ஏறத்தாழப் பாதி இறங்கியிருக்கும்போது, அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியும் மெக்கானிக்கல் பிரஸ்ஸுக்கு ஏறத்தாழ இந்த இடத்தில் அளந்த நேரத்தையே கேட்கிறது. மேலே, ராம் மெதுவாகத் திரும்பும் இடத்தில் அளந்தால் அழகான சின்ன எண் கிடைக்கும், ஆனால் அது கையைக் காப்பாற்றாது. அதேபோல, ஷாப்பில் இருப்பதிலேயே கனமான மேல் டையை மாட்டி, வேகத்தை மாற்றக்கூடிய பிரஸ் என்றால் அதிகபட்ச வேகத்தில் வைத்து, ஓட்டிச் சூடான பிறகு அளக்க வேண்டும்.

ஒருமுறை அளந்தால் போதாது. பத்து முறை அளந்தபோது இந்த எண்கள் வந்தன என்று கொள்வோம்: 180, 183, 186, 181, 188, 184, 179, 185, 182, 182 மில்லிவிநாடி. சராசரி 183. சராசரியை எடுத்துக்கொண்டால் ஏறத்தாழப் பாதி நேரம் பிரஸ் அதைவிடத் தாமதமாக நிற்கும், ஆகவே அது உதவாது. மிகப் பெரிய எண்ணான 188-ஐ எடுக்கலாம். அல்லது எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைப் பார்த்து, திட்ட விலக்கத்தைப் போல மூன்று மடங்கைச் சராசரியோடு கூட்டலாம். இங்கே திட்ட விலக்கம் 2.8 அளவில் வருகிறது. மூன்று மடங்கு கூட்டினால் 191.4. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்வது வழக்கம். 192 என்று மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்வோம்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி நேர்கிறது. அளக்கும் கருவி நிறுத்தச் சைகையை எங்கே கொடுத்தது? ஒரு சிறு தகட்டை விசையால் தள்ளி, கர்ட்டனின் கதிரையே மறித்து அளந்திருந்தால் கர்ட்டன், ரிலே இரண்டின் நேரமும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிட்டது. வால்வுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி அளந்திருந்தால் அடங்கவில்லை, தனியே கூட்ட வேண்டும். அறிக்கையில் 192 என்று மட்டும் எழுதி, எங்கிருந்து அளந்தது என்று எழுதாமல் விட்டால், அடுத்து வருகிறவர் 34 மில்லிவிநாடியை விட்டுவிடுவார், இல்லை இரண்டு முறை கூட்டுவார். இரண்டு முறை கூட்டினால் நஷ்டம் கொஞ்சம் இடம்தான். விட்டுவிட்டால் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் குறைந்துபோகும், ஒரு விரலின் நீளம். நம் கணக்கில் வால்வில்தான் அளந்தோம்.

இன்னொன்றும் சேர வேண்டும். இன்று 192-ல் நிற்கும் பிரேக் ஓராண்டு கழித்தும் அப்படியே நிற்காது. லைனிங் தேயும், அதில் எண்ணெய் கசியும், ஸ்பிரிங் தளரும், வால்வின் சைலன்சர் தூசியில் அடைத்துக் காற்று மெதுவாக வெளியேறும். அதற்கு இப்போதே இடம் ஒதுக்கி, இருபது சதவீதம் கூட்டிக்கொண்டால் 192 என்பது 230 ஆகிறது. அதோடு கர்ட்டனின் 14, ரிலேவின் 20. ஆக மொத்தம் 264 மில்லிவிநாடி, கால் விநாடிக்குச் சற்று மேல்.

இனி கையின் பக்கம். அந்தக் கால் விநாடியில் ஒரு கை எவ்வளவு தூரம் போகும்? இதற்கு ஐஎஸ்ஓ 13855 என்ற சர்வதேசத் தரநிலை இரண்டு வேகங்களைத் தருகிறது. நின்ற இடத்திலிருந்து கையை வீசி நீட்டினால் விநாடிக்கு 2000 மில்லிமீட்டர். உடம்போடு நடந்து வந்தால் விநாடிக்கு 1600. அமெரிக்க விதியில் உள்ள விநாடிக்கு 63 அங்குலம் என்பதும் இந்த 1600 மில்லிமீட்டர்தான். இவை கணக்குக்காக ஒப்புக்கொண்ட எண்கள். ஓடி வந்து விழுகிறவரின் கை இதைவிட வேகமாகப் போகலாம், அதற்கு இந்தக் கணக்கு பொறுப்பேற்பதில்லை.

அந்தத் தரநிலையின் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள சூத்திரம் இது. 2024-ல் புதுப் பதிப்பு வந்து எழுத்துகளும் சில சேர்க்கைகளும் மாறியிருக்கின்றன, அடிப்படை இதுதான்.

```
S = K × T + C
```

S என்பது டையிலிருந்து கர்ட்டன் இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம். K கையின் வேகம். T நாம் இதுவரை சேர்த்த மொத்த நேரம், விநாடியில். C என்பதுதான் பலர் மறந்துவிடும் எழுத்து.

கதிர்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறது. 14 மில்லிமீட்டர் கர்ட்டன் என்றால் ஒற்றை விரல் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கதிரை மறித்துவிடும். 30 மில்லிமீட்டர் கர்ட்டனில் இரண்டு கதிர்களுக்கு நடுவே விரல்கள் பிடிபடாமல் உள்ளே போகும். உள்ளங்கை வந்து இடித்த பிறகுதான் கர்ட்டனுக்குத் தெரியும். அதற்குள் விரல் நுனி எவ்வளவோ முன்னே போயிருக்கும். அந்த முன்னேற்றத்துக்கு ஈடாகக் கூட்டுவதுதான் C. கர்ட்டனின் கண்டறியும் அளவிலிருந்து 14-ஐக் கழித்து எட்டால் பெருக்க வேண்டும். 40 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள கர்ட்டன்களுக்கு இதுதான் விதி.

```
C = 8 × (d − 14)
```

14 மில்லிமீட்டர் கர்ட்டனுக்கு C பூஜ்யம். 30 மில்லிமீட்டருக்கு 128. நம் ஷாப்பில் விலை குறைவு என்று 30 மில்லிமீட்டர் கர்ட்டனை வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்து, கையின் வேகத்தை 2000 என்று கொண்டு போடுவோம்.

```
S = 2000 × 0.264 + 128 = 656 மி.மீ.
```

விடை 500-ஐத் தாண்டிவிட்டது. அப்படித் தாண்டினால் 1600 என்ற வேகத்தைக் கொண்டு மறுபடி கணக்கிட விதி இடம் தருகிறது. அரை மீட்டருக்கு மேல் தூரம் என்றால் கை மட்டும் வீசிப் போய்ச் சேராது, உடம்பும் கூட வந்தாக வேண்டும், அதனால் நடையின் வேகம் போதும் என்பது இதன் நியாயம். ஆனால் அப்படிக் கணக்கிட்டு வரும் விடை 500-க்குக் கீழே போனால் 500-தான் வைக்க வேண்டும்.

```
S = 1600 × 0.264 + 128 = 550.4 மி.மீ.
```

551 என்று எடுத்துக்கொள்வோம். இதே ஷாப்பில் 14 மில்லிமீட்டர் கர்ட்டன் வாங்கியிருந்தால்? 2000-ல் போட்டால் 528, அதுவும் 500-ஐத் தாண்டுகிறது. 1600-ல் போட்டால் 422 வரும், ஆனால் 500-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பதால் 500-ல் வந்து நிற்கும். விரலைப் பிடிக்கும் கர்ட்டனுக்கும் கையைப் பிடிக்கும் கர்ட்டனுக்கும் விலையில் உள்ள வித்தியாசத்துக்கு இந்த பிரஸ்ஸில் கிடைப்பது 5 சென்டிமீட்டர். நேரம் குறைவான பிரஸ்ஸில் இதே வித்தியாசம் 12 சென்டிமீட்டருக்கு மேல் வரக்கூடும். நாள் முழுக்கக் குனிந்து பிளாங்க் வைக்கிறவரின் இடுப்பைக் கேட்டால் அது பெரிய தூரம் என்றுதான் சொல்லும்.

இப்போது அவசரக் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். சராசரி 183 மில்லிவிநாடியை மட்டும் எடுத்து, கர்ட்டனின் நேரத்தையும் ரிலேவின் நேரத்தையும் தேய்மானத்தையும் C-யையும் விட்டு, 2000-ஆல் பெருக்கினால் 366 மில்லிமீட்டர் வரும். சூத்திரத்தைப் பயன்படுத்தி எடுத்த எண்தான், ஆனால் 18 சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒருவருடைய கையின் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பிரஸ்ஸின் பாடியில் துளை போட வசதியாக இருக்கிறதென்று 200 மில்லிமீட்டரில் மாட்டினால் இன்னும் மோசம். விநாடிக்கு 2000 மில்லிமீட்டர் வேகத்தில் வரும் கை கர்ட்டனை மறித்த பத்தில் ஒரு விநாடியில் டையின் விளிம்பைத் தொட்டுவிடும். இன்றைய நல்ல பிரேக்கை வைத்துப் பார்த்தாலும் பிரஸ் நிற்க 226 மில்லிவிநாடி வேண்டும். கை உள்ளே வந்த பிறகும் 126 மில்லிவிநாடி ராம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் பிரஸ்ஸில் பாதி வழியில் ராமின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 350 மில்லிமீட்டர். பிரேக் பிடித்து வேகம் குறைவதைக் கழித்தாலும் சில சென்டிமீட்டர் இறங்கும். விரலின் பருமன் அதைவிடக் குறைவு. இத்தனைக்கும் கர்ட்டன் பழுதில்லாமல் வேலை செய்திருக்கும், சிவப்பு விளக்கும் எரிந்திருக்கும்.

எண் கிடைத்துவிட்டது, 551. இனி டேப்பை எடுத்து அளக்க வேண்டும். டேப்பின் ஒரு முனையை எங்கே வைப்பது? போல்ஸ்டரின் விளிம்பிலும் பிரஸ்ஸின் முகப்பிலும் வைத்து அளப்பதைப் பார்க்கலாம். இரண்டும் தவறு. கை நசுங்கக்கூடிய, கர்ட்டனுக்கு மிக அருகில் உள்ள இடத்திலிருந்து அளக்க வேண்டும். பெரும்பாலும் அது மேல் டையின் முன்விளிம்பு. ஸ்ட்ரிப்பர் பிளேட்டோ கைடு புஷ்ஷோ அதைவிட முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் அதுதான் தொடக்கம். இதனால் ஒரு விளைவு உண்டு. இன்று சிறிய டையை வைத்து 551 அளந்து மாட்டிவிட்டு, அடுத்த வாரம் முன்பக்கமாக 80 மில்லிமீட்டர் நீளமான டையை ஏற்றினால் தூரம் 471 ஆகிவிடும். யாரும் கர்ட்டனைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே அந்த பிரஸ்ஸில் ஏறக்கூடிய டைகளிலேயே எது முன்னால் அதிகம் வருகிறதோ அதை வைத்து அளப்பது நல்லது. செட்டரிடம் கேட்டால் எது என்று சட்டென்று சொல்லிவிடுவார்.

தூரத்தைச் சரியாக வைத்ததும் புதிதாக ஒரு பிரச்சினை முளைக்கும். டையின் முன்விளிம்பிலிருந்து போல்ஸ்டரின் விளிம்பு 150 மில்லிமீட்டர் என்றால், போல்ஸ்டருக்கும் கர்ட்டனுக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. ஒல்லியான ஒரு ஆள் அதற்குள் நின்றுகொள்ளலாம். செட்டர் டையைச் சரிபார்க்க உள்ளே நுழைகிறார், நுழையும்போது பிரஸ் நின்றுவிடுகிறது. உள்ளே போய்க் குனிந்துவிட்டார் என்றால் கதிர்கள் எல்லாம் மறுபடி எட்டிவிடும், கர்ட்டனில் பச்சை விளக்கு. வெளியே இருக்கிற ஹெல்பர் பட்டனை அழுத்தினால் பிரஸ் இறங்கும். நம்மைக் காக்க வைத்த தூரமே ஆளை ஒளித்துவைக்கும் இடமாகிவிடுகிறது.

பொதுவாக இந்த இடைவெளி 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஏதாவது செய்ய வேண்டும் என்பார்கள். எளிய வழி ஆள் நிற்கவே முடியாதபடி அடைத்துவிடுவது. போல்ஸ்டரிலிருந்து கர்ட்டன் வரைக்கும் சாய்வான தகடு ஒன்றை வெல்ட் செய்துவிட்டால் யாராலும் அங்கே கால் ஊன்ற முடியாது. தட்டையாகப் போட்டால் அதன்மேல் ஏறி நிற்பார்கள், டீ கிளாஸையும் வைப்பார்கள், ஆகவே சாய்வு அவசியம். இன்னொரு வழி படுக்கைவாக்கில் ஒரு கர்ட்டனையும் சேர்த்து மாட்டுவது. எதைச் செய்தாலும் ரீசெட் பட்டனை உள்ளே நிற்கும் ஆள் எட்டித் தொட முடியாத இடத்தில், ஆனால் அந்த இடைவெளி முழுக்கக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

கர்ட்டனின் மேல் நுனிக்கு மேலாகவும், கீழ் நுனிக்குக் கீழாகவும் கை போகக்கூடாது. தரநிலையில் இதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. பக்கவாட்டில் கம்பி வலை அடைத்துவிடுவார்கள். மறக்கப்படுவது பின்பக்கம். சி ஃப்ரேம் பிரஸ்ஸின் பின்னால் திறப்பு இருக்கும், அங்கிருந்து ஸ்கிராப்பை இழுக்க ஒரு ஆள் நிற்பார். முன்னால் இத்தனை கணக்குப் போட்டு ஆபரேட்டரைக் காத்துவிட்டு, பின்னால் நிற்கும் ஹெல்பரை வெறுங்கையோடு விடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மாட்டிய பிறகு ஆபரேட்டர் சொல்லப் போவது தெரிந்ததுதான். "அண்ணே, கை எட்டலை. எட்டி எட்டி வச்சா எப்படி நம்பர் எடுக்கிறது? கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டுங்க." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்டு பிராக்கெட்டை உள்ளே தள்ளுவதுதான் தவறு. நீள்துளை உள்ள பிராக்கெட் என்றால் ஒரு ஸ்பேனர் போதும், இரவு ஷிஃப்டில் அது உள்ளே போய்விடும். அதனால் தூரத்தை முடிவு செய்த பிறகு நீள்துளையை விட்டுவிட்டு வட்டத்துளை போட்டு பிராக்கெட்டை நிறுத்துவது புத்திசாலித்தனம்.

கை எட்ட வேண்டுமென்றால் T-யைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு 10 மில்லிவிநாடிக்கும் 16 முதல் 20 மில்லிமீட்டர் வரை தூரம் குறையும். ரிலே வேகமானதா, வால்வுக்கும் கிளட்சுக்கும் நடுவே காற்றுக் குழாய் தேவையில்லாமல் நீளமாக இருக்கிறதா, சைலன்சர் அடைத்திருக்கிறதா, லைனிங் மாற்ற வேண்டுமா என்று பார்க்கலாம். குழாயைச் சுருக்கி சைலன்சரைச் சுத்தம் செய்ததிலேயே குறிப்பிடத்தக்க நேரம் மிச்சமாகும் பிரஸ்கள் உண்டு. ஸ்ட்ரோக் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு வழி, ஆனால் அதை முதலாளியிடம் சொல்ல யாரும் முன்வருவதில்லை. பிளாங்கை உள்ளே தள்ளிவிடும் சிறிய ஸ்லைடு ஒன்றைச் செய்து, கை உள்ளே போக வேண்டிய தேவையையே எடுத்துவிட்டால் ஆபரேட்டருக்கு நிம்மதி, தூரமும் அப்படியே இருக்கும்.

கடைசியாக, நாம் தேய்மானத்துக்கு என்று ஒதுக்கிய 20 சதவீதம். அது தீர்ந்துவிட்டதா என்பதை யாராவது கவனித்துக்கொண்டே இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டுக்கு அர்த்தம். இதற்குத்தான் பிரேக் மானிட்டர். ஸ்ட்ரோக் முடிந்து ராம் மேலே நிற்கும்போது, நிறுத்தச் சைகைக்கும் ஷாஃப்ட் நிற்பதற்கும் நடுவே எவ்வளவு ஆனது என்று அது பார்க்கும். மேலே அளக்கும் இந்த எண்ணும் 90 டிகிரியில் அளந்த எண்ணும் ஒன்றல்ல. ஆகவே அதில் 230 என்று போட்டுவிடக்கூடாது. பிரஸ் நல்ல நிலையில் இருந்த நாளில் மானிட்டர் என்ன காட்டியதோ அதோடு 20 சதவீதம் கூட்டி அதை எல்லையாக வைக்கலாம். தாண்டினால் அடுத்த ஸ்ட்ரோக்குக்கு பிரஸ் பூட்டிக்கொள்ளும். தொடர் ஓட்டத்தில் ராம் நிற்பதே இல்லை, ஆகவே மானிட்டரும் எதையும் அளப்பதில்லை. ஷிஃப்டில் சில தடவையாவது நிறுத்தி ஓட்டினால்தான் அது உதவும்.

பிரேக் தளர்வதை மானிட்டர் இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ராம் மேலே வந்து நிற்கும் இடத்தைக் கிராங்க் டயலில் பாருங்கள். எப்போதும் மேல் முனையில் நின்ற முள் நாளுக்கு நாள் கொஞ்சம் தாண்டி நின்றால் பிரேக் வழுக்குகிறது என்று பொருள். பழைய ஆபரேட்டர்கள் "பிரஸ் ஓடிப்போய் நிக்குது" என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றே ஸ்டாப் டைம் மீட்டரை வரவழைக்க வேண்டும். கர்ட்டனுக்குத் தனியாக, ஷிஃப்ட் தொடக்கத்தில், அதனோடு வரும் சோதனைக் குச்சியால் பார்ப்பது வழக்கம். 30 மில்லிமீட்டர் கர்ட்டனுக்கு 30 மில்லிமீட்டர் குச்சி. அதை மேலிருந்து கீழே மெதுவாக, இரண்டு கம்பங்களின் பக்கத்திலும் நடுவிலும் நகர்த்தினால் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட அணையக்கூடாது. குச்சி கர்ட்டனின் கண்ணைச் சோதிக்கும், பிரேக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

ஆகவே பிரஸ்ஸின் மேல் ஒரு தகடு அடித்து, அதில் நான்கு வரி எழுதிவைக்கலாம். அளந்த நாள். 90 டிகிரியில் வால்விலிருந்து அளந்த நேரம் 192 மில்லிவிநாடி. கணக்கில் கொண்ட மொத்த நேரம் 264 மில்லிவிநாடி. 30 மில்லிமீட்டர் கர்ட்டன், டையின் முன்விளிம்பிலிருந்து 551 மில்லிமீட்டர். லைனிங் மாற்றினாலும், வால்வு மாற்றினாலும், ரிலே எரிந்து வேறொன்று போட்டாலும், கனமான புது டை வந்தாலும் அந்தத் தகட்டில் உள்ள நாள் பழசாகிவிடும், மறுபடி அளந்து எழுத வேண்டும். கர்ட்டனைப் பக்கத்து பிரஸ்ஸுக்குக் கழற்றி மாட்டுகிறவர் இந்தத் தகட்டை எடுத்துப் போகக்கூடாது. 551 இந்த பிரஸ்ஸின் எண், பக்கத்து பிரஸ்ஸை அளந்தால் அதற்கு வேறு எண் வரும்.